படம் நன்றாகத்தான் தெரிகிறது, ஆப்தான் திறக்கவில்லை

2019 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய சாம்சங் டிவி வைத்திருந்தவர்கள் நெட்ஃபிளிக்ஸைத் திறந்தபோது திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. தொழில்நுட்பக் காரணங்களால் டிசம்பர் 1-க்குப் பிறகு இந்தக் கருவியில் நெட்ஃபிளிக்ஸ் வராது என்பதுதான் சேதி. டிவியில் எந்தப் பழுதும் இல்லை. கேபிள் வந்தது, படம் பளிச்சென்று இருந்தது, ரிமோட்டும் வேலை செய்தது. சொன்ன தேதியில் அந்த ஒரு ஆப் மட்டும் நின்றது.

எந்த டிவிகளில் நின்றது என்பதைக் கண்டுபிடிக்கப் பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் பார்த்தால் போதும். `UN40C6300` என்று இருந்தால், 40 என்பது திரையின் அங்குலம். அதை அடுத்து வரும் எழுத்துதான் அந்த டிவி வந்த ஆண்டைச் சொல்லும். C என்றால் 2010, D என்றால் 2011. இந்த இரண்டு எழுத்துக்காரர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அதே சமயத்தில் பழைய ரோக்கு பெட்டிகள் சிலவும், விசியோ டிவிகள் சிலவும் பட்டியலில் சேர்ந்தன.

காரணம் பூட்டுதான். இணையத்தில் வரும் படம் திருடப்படாமல் இருக்க, அதைப் பூட்டித்தான் அனுப்புவார்கள். திறக்கும் ஏற்பாடு டிவிக்குள் இருக்கும். நெட்ஃபிளிக்ஸ் தொடக்கத்தில் பயன்படுத்தியது மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மீடியா டிஆர்எம் என்ற பூட்டு. 2010-ஐ ஒட்டி அது பிளேரெடி என்ற புதிய பூட்டுக்கு மாறியது. பழையதை மட்டுமே தெரிந்த டிவிகளுக்காகச் சுமார் ஒன்பது ஆண்டுகள் இரண்டு பூட்டுகளையும் ஓட்டிவிட்டு, கடைசியில் ஒன்றை நிறுத்திவிட்டார்கள். நெட்ஃபிளிக்ஸ் பக்கம் பார்த்தால் இது நியாயமான முடிவு. டிவி வாங்கியவர் பக்கம் பார்த்தால், பணம் கொடுத்து வாங்கிய பொருளில் ஒரு பகுதியை மூன்றாவது ஆள் ஒருவர் அணைத்துவிட்டார்.

இந்த 'மூன்றாவது ஆள்' விஷயம்தான் ஸ்மார்ட் டிவியின் ஆயுளைப் புரிந்துகொள்ளத் திறவுகோல். டிவி எத்தனை வருஷம் வரும் என்று கடையில் கேட்டால், பேனலின் ஆயுளையும் வாரண்டியையும்தான் சொல்வார்கள். ஆனால் ஒரே பெட்டிக்குள் மூன்று ஆயுள்கள் ஓடுகின்றன. பேனலும் சர்க்யூட் போர்டும் பத்து வருஷம் தாண்டியும் உழைக்கலாம். டிவி கம்பெனி அனுப்பும் மென்பொருள் அப்டேட் அதற்கு முன்பே நின்றுவிடும். ஆப்புகளின் ஆயுளோ டிவி கம்பெனியின் கையில்கூட இல்லை. யூடியூப் எதுவரை ஓடும் என்பதை கூகுள் தீர்மானிக்கிறது. 2015 ஏப்ரலில் கூகுள் தன் பழைய இணைப்பு முறை ஒன்றை மூடியபோது, 2012-க்கும் அதற்கு முன்னும் வந்த பல டிவிகளிலும் புளூ-ரே பிளேயர்களிலும் யூடியூப் நின்றுபோனது. அவற்றைச் செய்த கம்பெனிகள் அதில் செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை.

சரி, ஆப்பை மட்டும் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் என்ன? டிவி பழையதாக இருந்தால் என்ன, ஆப் புதியதுதானே?

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ் இரண்டிலும் பெரும்பாலான ஆப்புகள் உள்ளுக்குள் வலைப்பக்கங்கள்தான். முகவரிப் பட்டை இல்லாத பிரவுசரில் முழுத்திரையில் ஓடும் பக்கங்கள். அந்தப் பிரவுசரின் இன்ஜின், கம்ப்யூட்டரில் குரோமுக்கு அடிப்படையாக இருக்கும் அதே குரோமியம். கம்ப்யூட்டரில் குரோம் சில வாரங்களுக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக்கொள்கிறது. டிவியில் அப்படியில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது எந்தப் பதிப்பு இருந்ததோ, வழக்கமாக அதுவே கடைசிவரை இருக்கும். சின்னச் சின்னத் திருத்தங்கள் வரும், இன்ஜின் மாறாது.

அந்தப் பதிப்பும் புத்தம் புதியதல்ல. சாம்சங் தன் ஆப் எழுதுபவர்களுக்கு வெளியிடும் அட்டவணையைப் பார்த்தால், 2019-இல் வந்த டிவிகளில் இருப்பது குரோமியம் 63. அது கம்ப்யூட்டரில் வெளியானது 2017 டிசம்பரில். 2017 டிவிகளில் இருப்பது 47, அது 2015 டிசம்பரில் வந்தது. எல்ஜியும் இதே கதைதான், 2018 டிவிகளில் 53-ஆம் பதிப்பு. சிப்பைச் சோதித்து, அதன்மேல் இன்ஜினைப் பொருத்தி, மறுபடி சோதித்து முடிக்க அவ்வளவு காலம் ஆகிறது. ஆக, கடையில் புதிதாகப் பெட்டி பிரிக்கும்போதே உள்ளே இருக்கும் பிரவுசருக்கு ஒரு வயதுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரி நிரலைப் பார்க்கலாம்.

```
title = show?.name
```

'show' என்ற தகவல் வந்திருந்தால் அதன் பெயரை எடு, வராவிட்டால் பேசாமல் விட்டுவிடு என்பது இதன் பொருள். நடுவில் இருக்கும் `?.` என்ற குறியைத்தான் பார்க்க வேண்டும். வலை உலகில் இன்று இதை எழுதாத ஆளில்லை. ஆனால் குரோமியத்துக்கு இது புரிந்தது 80-ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2020 பிப்ரவரியிலிருந்துதான். 2021 சாம்சங் டிவியில் இருப்பது 76. அதே ஆண்டு எல்ஜியில் 79. ஒரே ஒரு எண்ணில் தவறிவிட்டது, பாவம். புரியாத குறியைக் கண்ட இன்ஜின், அந்த வரியை மட்டும் தாண்டிப் போகாது. அந்தக் கோப்பு முழுவதையுமே ஓட்ட மறுத்துவிடும். பார்ப்பவருக்குத் தெரிவது ஆப்பின் சின்னம், பிறகு கறுப்புத் திரை. நெட் ஸ்லோவாக இருக்கிறது என்று நினைத்து ரூட்டரை அணைத்து அணைத்துப் போடுவார்கள்.

ஆப் கம்பெனிகள் இதை அறியாதவை அல்ல. புதிய பாணியில் எழுதியதைப் பழைய பாணிக்கு மாற்றித்தரும் கருவிகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். அதனால்தான் 2018 டிவிகளில் பல ஆப்புகள் இன்னும் ஓடுகின்றன. ஆனால் மாற்றினால் மட்டும் போதாது, ஒவ்வொரு ஆண்டின் டிவியையும் ஆபீசில் வைத்து ஒவ்வொரு புதிய வெளியீட்டையும் அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய டிவியில் நினைவகமும் குறைவு, புதிய ஆப் வர வர அது திணறும். ஒரு ஆண்டின் டிவியில் பார்ப்பவர்கள் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே வரும்போது ஒருநாள் கணக்குப் பார்த்துக் கைவிடுகிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் கொஞ்சம் வேறு வழி. அது தன் ஆப்பின் அடிப்பகுதியை டிவி கம்பெனியிடம் கொடுத்து மென்பொருளோடு சேர்த்துப் பதிக்கச் சொல்கிறது. அங்கேயும் முடிவு ஒன்றுதான், டிவி கம்பெனி அப்டேட்டை நிறுத்தினால் அந்த அடிப்பகுதியும் நின்ற இடத்தில் நிற்கும்.

யாரும் முடிவெடுக்காமலே ஆப்புகள் சாகும் இன்னொரு வழியும் உண்டு. இணையத்தில் எதிரே இருப்பது உண்மையான சர்வர்தானா என்று டிவி சரிபார்ப்பது டிஜிட்டல் சான்றிதழ்களை வைத்து. அவற்றுக்குக் காலாவதி தேதி உண்டு. டிவியோடு இணைக்கும் கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டுக்கு இதுதான் நேர்ந்தது. 2015-இல் வந்த அந்தக் கருவிக்குள் பத்து வருஷச் சான்றிதழ் ஒன்று இருந்தது. 2025 மார்ச் 9 அன்று அது காலாவதியானது. உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் அந்தக் கருவிகளை 'நம்பத்தகாத கருவி' என்று போன்கள் நிராகரித்தன. கூகுள் சில நாட்களில் திருத்தம் அனுப்பியது, பெரும்பாலானவை பிழைத்தன. இடையில் பொறுமை இழந்து ஃபேக்டரி ரீசெட் போட்டவர்களுக்குத்தான் சிக்கல் நீண்டது. இங்கே கவனிக்க வேண்டியது, பத்து வயதுக் கருவிக்கு அப்டேட் அனுப்ப ஆள் இருந்தது. ஆதரவு முடிந்துபோன டிவியில் இதே தேதி வந்தால் திருத்தம் அனுப்ப யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒரு இடைச்செருகல். பழைய டிவியில் எல்லா ஆப்பும் ஒரே நாளில் நின்றால், முதலில் டிவியின் தேதியைப் பாருங்கள். நீண்ட நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்த டிவி சில சமயம் பல வருஷம் பின்னால் போயிருக்கும். அப்போது செல்லுபடியாகும் சான்றிதழ்கூட அதற்குச் செல்லாததாகத் தோன்றும். தேதியைச் சரிசெய்தால் தீர்ந்தது.

ஆப் நின்றால் கண்ணுக்குத் தெரியும். பாதுகாப்பு அப்டேட் நின்றால் தெரியாது. டிவி முந்தைய நாள் போலவே ஓடும்.

2016 கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்காவில் ஒரு குடும்பத்தின் எல்ஜி டிவி திரையில் எஃப்.பி.ஐ. பெயரில் ஒரு போலி எச்சரிக்கை வந்து உட்கார்ந்துகொண்டது. 500 டாலர் கட்டினால்தான் டிவி திறக்கும் என்றது. ஆண்ட்ராய்டு போன்களைப் பூட்டும் ஒரு பணம்பறி வைரஸ் அது. படம் பார்க்க ஒரு ஆப்பை இறக்கியதைத் தொடர்ந்து வந்திருக்கிறது. அந்த டிவியில் இருந்தது பழைய கூகுள் டிவி என்ற அமைப்பு. எல்ஜி 2014-இலேயே வெப்ஓஎஸ்ஸுக்கு மாறிவிட்டது, கூகுளும் அதே ஆண்டு ஆண்ட்ராய்டு டிவி என்று வேறு பாதையில் போய்விட்டது. இன்று கூகுள் டிவி என்ற பெயரில் விற்பது வேறு சரக்கு. ஆக அது இரண்டு கம்பெனிகளும் கைகழுவிய பெட்டி. ரீசெட் செய்து தர ஆள் அனுப்ப சுமார் 340 டாலர் ஆகும் என்றது சர்வீஸ் தரப்பு. செய்தி பரவிய பிறகு, வழக்கமான கையேட்டில் இல்லாத ரீசெட் முறையை எல்ஜியே சொல்லிக்கொடுத்தது, டிவி மீண்டது. அப்டேட் வந்துகொண்டிருந்தால் இது நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஆப்பை இறக்கியது மனிதர்தான். ஆனால் அநாதையான அமைப்பில் மாட்டிக்கொண்டால் உதவி எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதை அது காட்டியது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் எல்ஜியிலேயே கிடைக்கிறது. பிட்டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெப்ஓஎஸ்ஸில் சில ஓட்டைகளைக் கண்டுபிடித்தது. போனிலிருந்து டிவியை இயக்கும் ஆப்புக்கான வாசல் வழியாக, திரையில் தோன்றும் பின் எண்ணைக் கொடுக்காமலே உள்ளே நுழைந்து டிவியை முழுக்கக் கைப்பற்ற முடியும் என்று அது காட்டியது. வீட்டு வைஃபைக்குள் மட்டுமே திறந்திருக்க வேண்டிய அந்த வாசல், 91,000-க்கும் மேற்பட்ட கருவிகளில் இணையத்துக்கே திறந்து கிடந்தது. 2023 நவம்பரில் எல்ஜிக்குத் தகவல் போனது, 2024 மார்ச்சில் திருத்தம் வந்தது, ஏப்ரலில்தான் விஷயம் வெளியுலகுக்குச் சொல்லப்பட்டது. பாதிப்பு உறுதியான டிவிகளில் 2019 மாடலும் ஒன்று. அதாவது ஐந்து வயது டிவிக்கும் மருந்து போய்ச் சேர்ந்தது. ஒரு கம்பெனி ஒழுங்காக நடந்துகொள்ளும்போது இப்படித்தான் இருக்கும்.

ஓட்டை உள்ள டிவியை வைத்து யாராவது என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று கேட்கலாம். நம் வீட்டில் என்ன சீரியல் ஓடுகிறது என்பதில் அவர்களுக்கு அக்கறை இல்லை. இரவும் பகலும் இணையத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டராகத்தான் அவர்கள் அதைப் பார்க்கிறார்கள். 2024 செப்டம்பரில் டாக்டர் வெப் நிறுவனம் வெளிப்படுத்திய 'வோய்ட்' என்ற தீநிரல், 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் புகுந்திருந்தது. அவை கூகுளின் சான்று பெறாத, பழைய ஆண்ட்ராய்டு பதிப்பு ஓடும் மலிவுப் பெட்டிகள். இப்படிப் பிடிபட்ட கருவிகள் வழியாக அடுத்தவர் தளத்தைத் தாக்கலாம், நம் வீட்டு இணைய முகவரியை வாடகைக்கு விட்டு மோசடி செய்யலாம். போலீஸ் தேடினால் முதலில் கிடைப்பது நம் முகவரி.

அப்படியானால் ஒரு டிவிக்கு எத்தனை வருஷம்தான் அப்டேட் வரும்? நெடுங்காலம் இதற்கு யாரும் பதிலே சொல்லவில்லை. 2024 நவம்பரில் அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி, இணையத்தோடு இணையும் 184 பொருட்களின் வலைத்தளங்களைத் துழாவிப் பார்த்தது. அவற்றில் 163-இல் ஆதரவு எவ்வளவு காலம் என்ற தகவலே இல்லை. இப்போதுதான் கம்பெனிகள் வாய் திறக்கின்றன. 2024 டிவிகளுக்கும் 2023-இன் சில மாடல்களுக்கும் ஏழு ஆண்டுகள் டைசன் மேம்படுத்தல் தருவதாகச் சாம்சங் அறிவித்திருக்கிறது. எல்ஜி ஐந்து ஆண்டுகளில் நான்கு மேம்படுத்தல் என்ற திட்டத்தை 2022-இன் ஓஎல்இடி, 8கே டிவிகளிலிருந்து தொடங்கியது. இந்த மேம்படுத்தல்களில் பிரவுசர் இன்ஜினும் சேர்ந்து மாறுவதுதான் முக்கியம். மேலே சொன்ன உறைந்த இன்ஜின் நோய்க்கு இதுதான் முதல் உண்மையான மருந்து.

ஆனால் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். மாடல் வெளியான ஆண்டிலிருந்து, நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. 2024 மாடலை இரண்டு வருஷம் கழித்துத் தீபாவளித் தள்ளுபடியில் வாங்குபவருக்கு ஏழில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டது. கையில் இருப்பது ஐந்து. தள்ளுபடியில் குறைந்த விலையில் ஒரு பங்கு இந்த இரண்டு வருஷத்தின் விலைதான்.

சட்டங்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையக் கருவி விற்பவர் பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை வரும் என்பதை வெளியிட்டே ஆக வேண்டும். எத்தனை வருஷம் தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை, சொன்னதை எழுதிவை என்கிறது, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிவி விதிகளில் 'எட்டு ஆண்டுகள்' என்று ஒரு எண் இருக்கிறது, பலர் அதைப் பார்த்து ஏமாறுகிறார்கள். கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்ததிலிருந்து எட்டு ஆண்டுகள், கடைசியாக வெளியான மென்பொருளும் பாதுகாப்புத் திருத்தமும் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். புதிய திருத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. 2021-இல் செய்த அப்டேட்டை 2029 வரை தளத்தில் வைத்திருந்தாலும் விதி நிறைவேறிவிடும். இந்த ஓட்டையை அடைப்பது அங்கே அடுத்து வரும் சைபர் பாதுகாப்புச் சட்டம். 2027 டிசம்பர் 11 முதல் அது முழுமையாகச் செயல்படும்போது, பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் ஓட்டைகளைக் கண்டு அடைத்துத் தரும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு வந்துவிடும்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் டிவியின் நிலையை அறிவது எளிது. ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் பகுதிக்குப் போனால் `Android TV OS security patch level` என்று ஒரு வரியும் எதிரே ஒரு தேதியும் இருக்கும். அந்தத் தேதி இரண்டு வருஷத்துக்கு மேல் பழையதாக இருந்து, அப்டேட் தேடினாலும் புதிதாக எதுவும் இல்லை என்று வந்தால், அந்த டிவியைக் கம்பெனி மறந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பிளே ஸ்டோரில் ஆப்புகள் புதுப்பிக்கப்படுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது, அது வேறு கணக்கு. சாம்சங்கில் சப்போர்ட் பகுதியில் `About This TV` என்பதில் மாடல் எண் தெரியும். `UA32T4340` என்றால் T, அதாவது 2020 வரிசை. எழுத்துகள் சுற்றி வந்து 2023-க்கு மறுபடி C, 2024-க்கு D என்று ஆகிவிட்டதால், ஆரம்பத்தில் சொன்ன பட்டியலைப் பார்த்துப் புது டிவிக்காரர்கள் பதற வேண்டாம்.

ஆதரவு முடிந்த டிவியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பேனல் நன்றாக இருந்தால், டிவியின் வைஃபையைத் துண்டித்து, சேமித்த பாஸ்வேர்டையும் கணக்குகளையும் நீக்கிவிட்டு, எச்டிஎம்ஐ துளையில் ஒரு ஸ்டிக்கைச் செருகினால் போதும். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற காரியம். ஸ்டிக்குக்கும் ஆயுள் உண்டு, ஆனால் மாற்றுவது சுலபம். தன் ஃபயர் டிவி கருவிகள் கடைசியாகத் தன் தளத்தில் புதிதாக விற்கப்பட்டதிலிருந்து குறைந்தது நான்கு ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட் தருவதாக அமேசான் எழுதியே வைத்திருக்கிறது. பெயர் தெரியாத மலிவுப் பெட்டியை மட்டும் வாங்கிச் செருக வேண்டாம், வோய்ட் புகுந்தது அப்படிப்பட்டவற்றில்தான். 4கே டிவிக்கு 4கே ஸ்டிக் வாங்குபவர்கள், டிவியின் எந்த எச்டிஎம்ஐ துளை எச்டிசிபி 2.2-ஐ ஏற்கும் என்று பார்த்துச் செருக வேண்டும். சில பழைய 4கே டிவிகளில் ஒன்றிரண்டு துளைகளில்தான் அது இருக்கும், மற்றவற்றில் படம் மங்கலாக இறங்கிவிடும்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் அங்குலத்தையும் விலையையும் கேட்டு முடித்த பிறகு விற்பனையாளரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம்: இது எந்த ஆண்டு மாடல், எந்த ஆண்டு வரை அப்டேட் வரும்? பதில் கம்பெனியின் தளத்தில் எழுத்தில் இருந்தால் நம்பலாம். இல்லாவிட்டால், ஸ்டிக் வாங்கும் செலவையும் டிவி விலையில் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.